இரண்டு பக்கமும் ஹைலர் கிளாண்டு வீக்கம்: டிபி மருந்து ஆரம்பிக்கலாமா, சார்காய்டோசிஸ் என்று காத்திருக்கலாமா?

செம்பூர் சுமதி · ஆகஸ்ட் 4

எல்லோருக்கும் வணக்கம். என் கணவருக்கு 43 வயசு. ஆபீஸில் வருஷா வருஷம் நடக்கும் செக்கப்பில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இதயத்துக்கு இரண்டு பக்கமும், நுரையீரலுக்குள் குழாய்கள் நுழையும் இடம் தடித்திருக்கிறது, சிடி எடுங்கள் என்று எழுதிவிட்டார்கள். சிடியில் அந்த இடத்து நிணநீர் முடிச்சுகளான இரண்டு பக்க ஹைலர் கிளாண்டுகளும், மூச்சுக்குழாய்க்கு வலதுபுறம் உள்ளதும், அது இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கீழே உள்ளதும் வீங்கியிருக்கின்றன. பெரியது 2.4 செ.மீ. நுரையீரலிலும் பொடிப்பொடியாக நிழல் இருக்கிறது.

ஜுரம் கிடையாது. எடை குறையவில்லை. இரண்டு மாசமாக வறட்டு இருமல், சாயந்திரம் ஆனால் அசதி, அவ்வளவுதான். டிபிக்கான மான்டு தோல் டெஸ்ட் போட்டார்கள், கை கொஞ்சம்கூடத் தடிக்கவில்லை, பூஜ்யம். பிறகு ஈபஸ் செய்து, மூச்சுக்குழாய் வழியாக ஊசி விட்டு கிளாண்டிலிருந்து சதை எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் "கிரானுலோமா அழற்சி, நசிவு இல்லை, டிபி கிருமி தென்படவில்லை" என்று இருக்கிறது. டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் டெஸ்டும் நெகட்டிவ்.

முதலில் பார்த்த டாக்டர், "மும்பையில் கிரானுலோமான்னா டிபிதான், ஆறு மாசம் மருந்து சாப்பிடட்டும்" என்கிறார். இரண்டாவது டாக்டர், "எனக்கு சார்காய்டோசிஸ் மாதிரி தெரியுது, அவசரப்பட வேண்டாம்" என்கிறார். மாத்திரைச் சீட்டு ஃபிரிட்ஜ் மேல் மூன்று நாளாகக் கிடக்கிறது. வீட்டில் ஒன்பது வயசுப் பையன் வேறு. யாருக்காவது அனுபவம் உண்டா?

மாட்டுங்கா மாமா · ஆகஸ்ட் 4

அம்மா சுமதி, பயப்படாதே. இது பிரைமரி காம்ப்ளக்ஸ், முதல் முறை வரும் டிபி. என் பையனுக்கு 1994-ல் இதே கிளாண்டுதான் வந்தது, ஆறு வயசு அப்போ. மருந்து கொடுத்தோம், கரைந்துபோச்சு. இன்றைக்கு இரண்டு குழந்தைக்கு அப்பா. டாக்டர் சொன்னதைக் கேட்டு ஆரம்பித்துவிடு. ஒன்று மட்டும் செய், பழைய எக்ஸ்ரே ஏதாவது வீட்டில் இருந்தால் தேடி எடுத்து வை. அந்தக் காலத்தில் எங்கள் டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.

விக்ரோலி பாலா · ஆகஸ்ட் 4

சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. சார்கோமான்னா கேன்சர் ஆச்சே? அதுக்குப் போய் "அவசரப்பட வேண்டாம்"னு ஒரு டாக்டர் எப்படிச் சொல்றார்? உடனே பரேல் பக்கம் கேன்சர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

மார்புநோய் மருத்துவன் · ஆகஸ்ட் 4

பாலா, அது சார்கோமா, இது சார்காய்டோசிஸ். பெயர்தான் ஒட்டுகிறது, நோய் வேறு. இது புற்றுநோய் இல்லை, தொற்றும் இல்லை. சுமதி மேடம், சார்காய்டோசிஸ்தான் என்று முடிவானால் உங்கள் பையனுக்கு இதிலிருந்து எதுவும் ஒட்டாது.

நான் மும்பையில் படித்து, இப்போது இங்கேயே நுரையீரல் மருத்துவம் பார்க்கிறேன். நோயாளியை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா சொன்னதில் பாதி சரி. குழந்தைகளுக்கு வரும் பிரைமரி காம்ப்ளக்ஸில் கிளாண்டு வீங்குவது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் வீங்கும், இரண்டு பக்கமும் வந்தாலும் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கும். சாயம் ஏற்றி சிடி எடுத்தால் டிபி கிளாண்டின் நடுப்பகுதி செத்துக் கறுப்பாகவும், ஓரம் மட்டும் வளையம் போல் வெளுத்தும் தெரியும். ஒன்றோடொன்று ஒட்டியும் கிடக்கும். சார்காய்டில் இடமும் வலமும் கண்ணாடியில் பார்த்தது போல் ஒரே அளவாக, உருளைக்கிழங்கு அடுக்கினது போலத் தனித்தனியாக நிற்கும், நடுவில் சாவு இருக்காது. நீங்கள் சொன்ன மூன்று இடமும் (இரண்டு ஹைலர், வலது மூச்சுக்குழாய் ஓரம்) சேர்ந்து வந்தால் எங்கள் மனம் முதலில் சார்காய்டுக்குத்தான் போகும்.

அந்தப் பொடி நிழல்களைப் பற்றி ரிப்போர்ட்டில் இன்னும் ஒரு வரி இருக்கும். நுரையீரல் மடல்களைப் பிரிக்கும் கோட்டின் மேலும், குழாய்களின் ஓரத்திலும் மணி கோத்த மாதிரி இருந்தால் சார்காய்டு. சின்னச் சின்னக் குழாய்களின் நுனியில் மொட்டு விட்ட கிளை மாதிரி இருந்தால், அல்லது குழிவு இருந்தால், டிபி. பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு கேள்வி. சிபிநாட் எதில் செய்தார்கள், கிளாண்டிலிருந்து எடுத்த சதையிலா, நுரையீரலைக் கழுவி எடுத்த தண்ணீரிலா? கல்ச்சர் போட்டார்களா?

செம்பூர் சுமதி · ஆகஸ்ட் 5

ரொம்ப நன்றி டாக்டர். ரிப்போர்ட்டை வரி வரியாகப் படித்தேன். கோட்டின் மேலும் குழாய்களின் ஓரத்திலும் பொடி நிழல் என்றுதான் இருக்கிறது. குழிவு இல்லை. கிளாண்டின் நடுவில் நசிவு இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேட்டேன். சிபிநாட் செய்தது கழுவின தண்ணீரில்தானாம். கிளாண்டு சதை முழுக்க பயாப்ஸிக்கே போய்விட்டது. கல்ச்சர் போடவில்லை. "பயாப்ஸியிலேயே தெரிஞ்சிடும், எதுக்கு கல்ச்சர்" என்று அங்கே ஒருவர் சொன்னார்.

ஆய்வக ஜெயா · ஆகஸ்ட் 5

இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பதினைந்து வருஷமாக டிபி கல்ச்சர் லேபில் வேலை பார்க்கிறேன். வாரத்துக்கு ஒரு தடவையாவது ஒரு சாம்பிள் ஃபார்மலினில் மிதந்துகொண்டு எங்களிடம் வரும், "கல்ச்சர் போடவும்" என்று சீட்டோடு. ஃபார்மலினில் போட்ட நிமிஷமே கிருமி செத்துவிடும். செத்ததை எதில் போட்டு வளர்ப்பது? திருப்பி அனுப்ப வேண்டியதுதான். அதற்குள் நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போயிருப்பார்.

அக்கா, ஊசி உள்ளே போகும்போதே இரண்டு பாட்டில் தயாராக இருக்க வேண்டும். ஒன்று ஃபார்மலின், அது பயாப்ஸிக்கு. இன்னொன்று வெறும் சலைன், சுத்தமான பாட்டில், அது சிபிநாட்டுக்கும் கல்ச்சருக்கும். இரண்டாவது பாட்டில் உங்கள் கணவருக்கு வைக்கப்படவே இல்லை.

"கிருமி தென்படவில்லை" என்ற வரியை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது கிருமி கண்ணில் பட, ஒரு மில்லியில் ஐயாயிரம் பத்தாயிரம் இருக்க வேண்டும். கிளாண்டு டிபியில் அவ்வளவு இருக்காது, கிருமி கொஞ்சம்தான். அதனால்தான் கல்ச்சர். திரவ ஊடகத்தில் போட்டு 42 நாள் பார்த்த பிறகுதான் "வளரவில்லை" என்று கையெழுத்துப் போடுவோம்.

மாட்டுங்கா மாமா · ஆகஸ்ட் 5

42 நாளா? அதுவரைக்கும் மனுஷன் சும்மா உட்கார்ந்திருக்கணுமா? மருந்தை ஆரம்பித்து இரண்டு மாசம் பார்க்கட்டும். கிளாண்டு சுருங்கினால் டிபி, சுருங்காவிட்டால் மற்றது. எங்கள் காலத்தில் இப்படித்தான் கண்டுபிடித்தார்கள்.

கல்யாண் கீதா · ஆகஸ்ட் 5

மாமா, இப்படித்தான் எனக்கும் "பார்த்தார்கள்". இரண்டு மாசம் ஆறு மாசமானது, ஆறு ஒன்பதானது. மூன்றாவது மாசம் மஞ்சள் காமாலை வந்து மருந்தை நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கினார்கள். கிளாண்டு முதலில் கொஞ்சம் சுருங்கியது, "பார்த்தீங்களா, டிபிதான்" என்றார்கள். அடுத்த சிடியில் பழையபடி பெரிசாகிவிட்டது. "ரெசிஸ்டன்ஸ் டிபியா இருக்கும்" என்று ஊசி மருந்து வரைக்கும் பேச்சு போனது.

ஒருநாள் கண் சிவந்து, பார்வை மங்கலானது. கண் டாக்டர் உள்ளே அழற்சி இருக்கிறது என்று சொல்லி, நெஞ்சுப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு சார்காய்டு இருக்கான்னு யாராவது பார்த்தாங்களா?" என்றார். அன்றைக்குத்தான் அந்த வார்த்தையையே முதல் தடவை கேட்டேன். சுமதி, கண்ணில் எதுவும் தெரியாவிட்டாலும் ஒரு தடவை காட்டிவிடு.

தாராவி செல்வம் · ஆகஸ்ட் 6

ஒரே பக்கமா பேசாதீங்க. எங்க அண்ணி கதை இதுக்கு நேர் எதிர். கிளாண்டு, கிரானுலோமா, கிருமி இல்ல, எல்லாம் இதே மாதிரி. பெரிய டாக்டர் ஒருத்தர் சார்காய்டுன்னு முடிவு பண்ணி ஸ்டீராய்டு கொடுத்தாரு. முதல் மூணு வாரம் பிரமாதம், பசி எடுத்துச்சு, இருமல் நின்னுச்சு. நாலாவது வாரம் ராத்திரி ஜுரம், வேர்வையில பாய் நனையும். கடைசியில சளியிலேயே கிருமி வந்துச்சு. சிவ்ரி டிபி ஆஸ்பத்திரிக்கு நடையா நடந்தோம். எங்க சந்துல வீட்டுக்கு வீடு டிபி பார்த்தவங்க நாங்க. இந்த ஊர்ல டிபி இல்லைன்னு யாராவது சொன்னா நான் நம்ப மாட்டேன்.

மார்புநோய் மருத்துவன் · ஆகஸ்ட் 6

செல்வம், உங்கள் அண்ணிக்கு நடந்ததைத்தான் நாங்கள் எல்லோரும் பயப்படுகிறோம். டிபி இருக்கும் உடம்பில் தனியாக ஸ்டீராய்டு போனால் முதலில் நன்றாகத் தெரியும், அழற்சி அடங்குவதால். பிறகு கிருமி கட்டவிழ்ந்துவிடும். அதனால்தான் கல்ச்சர் விடை வருவதற்கு முன் ஸ்டீராய்டு தொடக் கூடாது என்று சொல்வது. கண், இதயம், மூளை, ஏறும் கால்சியம் என்று அவசரம் ஏதாவது இருந்தால் கதை வேறு.

இப்போது மாமாவின் யோசனைக்கு வருகிறேன். "மருந்து கொடுத்துப் பார்ப்போம்" என்பது கேட்க நியாயமாக இருக்கிறது, நானே படிக்கும் காலத்தில் செய்திருக்கிறேன். ஆனால் இந்த இரண்டு நோய்க்கு நடுவில் அந்தச் சோதனை பதிலே சொல்லாது. கிளாண்டு மட்டும் வீங்கிய சார்காய்டு பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஓரிரண்டு வருஷத்தில் தானாகவே சுருங்கிவிடும். டிபி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அது சுருங்கினால் பேர் மாத்திரைக்குப் போகும். மறுபக்கம், நிஜமான கிளாண்டு டிபியில், சரியான மருந்து சாப்பிடும்போதே முதல் சில மாசங்களில் கிளாண்டு பெரிதாவது உண்டு. செத்த கிருமிக்கு எதிராக உடம்பு பொங்குவதால் அப்படி ஆகும். ஆக, சுருங்கினாலும் டிபி என்று சொல்ல முடியாது, பெருத்தாலும் டிபி இல்லை என்று சொல்ல முடியாது. கீதா மேடத்துக்கு நடந்தது இந்தக் குழப்பம்தான். இதில் இன்னொரு சிக்கல், டிபி மருந்தான ரிஃபாம்பிசின் ஸ்டீராய்டை ஈரல் சீக்கிரம் கரைத்து வெளியேற்றும்படி செய்துவிடும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

கிரானுலோமா என்ற சொல்லைக் கண்டாலே டிபி என்று எழுதும் பழக்கம் நம் ஊரில் பலமாக இருக்கிறது. விழுங்க முடிந்தும் கொல்ல முடியாத ஏதோ ஒன்றைச் சுற்றி வெள்ளணுக்கள் போடும் முற்றுகைதான் கிரானுலோமா. டிபியில் அந்த முற்றுகையின் நடுவே திசு செத்து, பனீர் உதிர்ந்த மாதிரி ஆகும். சார்காய்டில் முற்றுகை இருக்கும், நடுவில் சாவு இருக்காது, எதைச் சுற்றி நிற்கிறது என்பதும் தெரியாது. ஆனால் ஊசி நுனியில் வருவது அரிசி மணி அளவு சதை. டிபி கிளாண்டில் சாவு இல்லாத ஓரத்தில் ஊசி போயிருந்தால் ரிப்போர்ட் சார்காய்டு மாதிரியே வரும். சார்காய்டிலும் எப்போதாவது நடுவில் லேசாக நசிவு இருக்கும். அதனால் பயாப்ஸி மட்டும் தீர்ப்பு எழுதாது. படம், மான்டு, கல்ச்சர் எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

மான்டு பூஜ்யம் என்பது நம் ஊரில் பெரிய தகவல். 2019-21 தேசிய ஆய்வில் பதினைந்து வயசுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ 31 சதவீதம் பேருக்கு டிபி கிருமி உள்ளே உறங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. மும்பையில் இத்தனை வருஷம் லோக்கல் டிரெயினில் போன ஆளுக்குக் கை கொஞ்சமாவது தடித்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். சார்காய்டில் அந்தத் தோல் எதிர்ப்பு அடங்கிவிடும். 15 மில்லிமீட்டர் தடித்திருந்தால் நானே டிபி பக்கம் சாய்ந்திருப்பேன். மிகவும் மெலிந்தவர்கள், எச்ஐவி உள்ளவர்கள், டிபி முற்றியவர்கள் இவர்களுக்கும் பூஜ்யம் வரும். உங்கள் கணவர் அப்படி இல்லை.

பாண்டுப் சரவணன் · ஆகஸ்ட் 6

இவ்வளவு எதுக்கு? ரத்தத்துல ஏசிஇங்கிற என்சைம் பாத்தா போதும். கூடுனா சார்காய்டு, நார்மல்னா டிபி. என் ஃபிரெண்டுக்கு அப்படித்தான் பாத்தாங்க.

செம்பூர் சுமதி · ஆகஸ்ட் 6

சரவணன், அதுவும் பார்த்தாகிவிட்டது. நார்மல்தான் வந்தது. முதல் டாக்டர் அதை வைத்துத்தான் "சார்காய்டு இல்லை" என்று அழுத்திச் சொன்னார். டாக்டர் சார், இதற்கு என்ன அர்த்தம்? அவர் எடுக்கிற மருந்துகளையும் சொல்லிவிடுகிறேன், பிரஷருக்கு எனலாப்ரில், நாலு வருஷமாக. அப்புறம் அசதிக்கென்று ஒரு மாசமாக வாரம் ஒரு விட்டமின் டி சாஷே, 60,000 யூனிட். ரத்தத்தில் விட்டமின் டி ரொம்பக் குறைச்சல் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மார்புநோய் மருத்துவன் · ஆகஸ்ட் 6

சாஷேயை இன்றைக்கே நிறுத்தி வையுங்கள், உங்கள் டாக்டருக்கு நாளைக்கே தெரிவியுங்கள். முதலில் அதைப் பேசுவோம்.

நாம் சாப்பிடும் விட்டமின் டி, கடைசியில் சிறுநீரகத்தில்தான் முழு வீரியம் பெறும். உடம்புக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் அது செய்து கொடுக்கும். சார்காய்டு கிரானுலோமாவில் இருக்கும் செல்கள் தங்களிஷ்டத்துக்கு அந்த வேலையைச் செய்யும், கட்டுப்பாடு கிடையாது. அதனால் பரிசோதனையில் சாதாரண விட்டமின் டி குறைவாகத் தெரியும், ஏனென்றால் அது வீரியமானதாக மாறிப் போயிருக்கும். அதைப் பார்த்து மேலும் ஊற்றினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும், சிறுநீரில் கொட்டும், கல் வரும், சிறுநீரகம் கெடும். அசதிக்குக் கொடுத்த மருந்தே அசதியைக் கூட்டும். டிபியிலும் இது நடக்கும், அரிதாக. கால்சியமும், 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியமும் பாருங்கள்.

இப்போது ஏசிஇ. சரவணன் சொல்வதில் ஒரு பக்கம் மட்டும் லேசாக நிற்கும். சார்காய்டில் அது கூடுவது உண்டு, ஆனால் நிறைய பேருக்குக் கூடுவதில்லை, டிபி உட்பட வேறு சிலவற்றில் கூடுவதும் உண்டு. நார்மல் என்று வந்தால் எதையும் தள்ள முடியாது. அதிலும் எனலாப்ரில் என்ன மருந்து? அது அடக்குவதே அந்த ஏசிஇயைத்தான். அந்த மாத்திரை சாப்பிடும் ஆளிடம் ஏசிஇ அளப்பது, பிரேக்கை அழுத்திக்கொண்டு வண்டியின் வேகத்தைப் பார்ப்பது மாதிரி. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்த டெஸ்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

பாண்டுப் சரவணன் · ஆகஸ்ட் 6

சரிங்க டாக்டர், ஒத்துக்கறேன். ஆனா என் ஃபிரெண்டுக்கு கூடித்தான் இருந்துச்சு, அவனுக்கு சார்காய்டுதான்.

செம்பூர் சுமதி · ஆகஸ்ட் 9

கால்சியம் 10.7 வந்திருக்கிறது. லேபில் மேல் எல்லை 10.5. சிறுநீரில் ஒரு நாளைக்கு 340 மில்லிகிராம். சாஷே நிறுத்தியாச்சு, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு டாக்டர்களும் போனில் பேசிக்கொண்டார்கள் போல. முதல் டாக்டர் இறங்கி வந்து, "கல்ச்சர் இல்லாமல் நானும் வாதாட முடியாது, திரும்பச் சாம்பிள் எடுக்கலாம்" என்றார். இரண்டாவது டாக்டர், "ஸ்டீராய்டே இப்போது தேவைப்படாது, மூணு மாசம் கழித்துப் படம் எடுத்துப் பார்த்தாலே போதும், இன்னொரு ஊசி எதுக்கு" என்கிறார். இவருக்கோ முதல் ஈபஸ் நினைப்பே இன்னும் போகவில்லை, இருமி இருமித் தொண்டை புண்ணானது. செலவும் இருக்கிறது. என்ன செய்ய?

மார்புநோய் மருத்துவன் · ஆகஸ்ட் 9

இரண்டு பேர் சொல்வதும் சரிதான் என்பேன், தப்பித்துக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. மருந்தே கொடுக்காமல் கவனிக்கப் போகிறோம் என்றால் காத்திருக்கலாம். டிபி என்றால் சில வாரங்களில் ஜுரமோ எடை இழப்போ காட்டிக்கொடுக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் கால்சியம் ஏறியிருக்கிறது. அது இறங்காவிட்டால் சீக்கிரமே ஸ்டீராய்டு தேவைப்படலாம். அன்றைக்குக் கையில் கல்ச்சர் இல்லாவிட்டால் செல்வம் சொன்ன பயம் எல்லோருக்கும் இருக்கும். நானாக இருந்தால் எடுத்துவிடுவேன். கேட்டால் மட்டும் போதாது, இரண்டாவது பாட்டில் மேஜையில் இருக்கிறதா என்று உங்கள் ஆள் ஒருவர் கண்ணால் பார்க்கட்டும்.

ஆய்வக ஜெயா · ஆகஸ்ட் 9

பாட்டிலில் பேரும் "டிபி கல்ச்சர், சிபிநாட் அல்ட்ரா, கிளாண்டு" என்றும் எழுதச் சொல்லுங்கள் அக்கா. அன்றைக்கே லேபுக்கு வர வேண்டும், வெள்ளிக்கிழமை சாயந்திரம் எடுத்துத் திங்கள் வரைக்கும் எங்கேயோ கிடக்கக் கூடாது. இன்னொன்று, அல்ட்ரா ரொம்பக் கூர்மை. சில சமயம் "ட்ரேஸ்" என்று வரும், அதாவது இருக்கிறதா இல்லையா என்கிற அளவு. அப்படி வந்தால் பதறாமல் கல்ச்சருக்குக் காத்திருங்கள். பழைய டிபி இருந்து ஆறினவர்களுக்கும் அப்படி வருவதுண்டு.

விக்ரோலி பாலா · ஆகஸ்ட் 10

முதல் நாள் நான் போட்டதுக்கு மன்னிக்கணும் சிஸ்டர். என் மனைவி படிச்சிட்டு என்னைத் திட்டினா.

செம்பூர் சுமதி · ஆகஸ்ட் 21

பரவாயில்லை பாலா, அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை, அவ்வளவுதான்.

நேற்று முன்தினம் மறுபடி ஈபஸ் ஆனது. இந்தத் தடவை என் தம்பி உள்ளே போவதற்கு முன்னால் பாட்டிலைக் கேட்டான். நர்ஸ் சிரித்துவிட்டு, "ரெண்டும் இருக்கு, பயப்படாதீங்க" என்று எடுத்துக் காட்டினாராம். அல்ட்ரா இன்று வந்தது, கிளாண்டு சதையில் கிருமி இல்லை. பயாப்ஸி போன தடவை மாதிரியே. கண் டாக்டரிடமும் போனோம், அழற்சி இல்லை. ஈசிஜி நார்மல்.

தாராவி செல்வம் · ஆகஸ்ட் 21

நல்லது அக்கா. ஆனா கல்ச்சர் வரட்டும். எங்க அண்ணிக்கு சிபிநாட் நெகட்டிவ்தான் வந்துச்சு.

செம்பூர் சுமதி · அக்டோபர் 2

42 நாள் முடிந்தது. கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. கால்சியம் 9.9-க்கு இறங்கிவிட்டது, சாஷே நிறுத்தினதோடு சரி, வேறு மருந்து கிடையாது. இருமல் பாதி குறைந்திருக்கிறது. இவர் ஜுரம் வந்ததா என்று தினம் தெர்மாமீட்டர் வைத்து ஒரு நோட்டில் எழுதினார், ஒரு நாளும் 99 தாண்டவில்லை. முதல் டாக்டரே டிபி சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இப்போதைக்கு மருந்தில்லாமல் மூன்று மாசத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரேயும் மூச்சுப் பரிசோதனையும்.

ஒரே ஒரு குழப்பம். நடுவில் ஆபீஸ் இன்ஷூரன்ஸ்காரர்கள் டிபி கிருமிக்கான ரத்த டெஸ்ட் இக்ரா கேட்டார்கள், அது பாசிட்டிவ். மான்டு பூஜ்யம், இது பாசிட்டிவ், எப்படி?

மார்புநோய் மருத்துவன் · அக்டோபர் 2

இரண்டும் சேர்ந்து வருவது வழக்கத்துக்கு மாறானது இல்லை. சார்காய்டு தோலின் எதிர்ப்பை அடக்குகிற அளவுக்கு ரத்தத்தில் இக்ராவை அடக்குவதில்லை. என்றோ உள்ளே போன கிருமி உறங்குகிறது என்றுதான் இதற்குப் பொருள், இப்போதைய கிளாண்டுக்குக் காரணம் அது என்று பொருளில்லை. பின்னால் ஸ்டீராய்டு கொடுக்க வேண்டி வந்தால் அதற்கு முன் தடுப்பு மருந்து கொடுப்பதா, வேண்டாமா என்பதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. நான் கொடுக்கிற பக்கம். என் பக்கத்து அறையில் இருப்பவர் கவனித்தால் போதும் என்பவர். அது வரும்போது உங்கள் டாக்டரோடு பேசுங்கள்.

மாட்டுங்கா மாமா · அக்டோபர் 3

நான் அன்றைக்கே கேட்டேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழைய படம் தேடினாயா, இல்லையா?

செம்பூர் சுமதி · அக்டோபர் 6

மாமா, உங்களுக்குப் பெரிய கும்பிடு. நேற்று பீரோவைக் குடைந்ததில் 2021 ஏப்ரல் சிடி ஸ்கேன் டிஸ்க்காகவே கிடைத்தது. இரண்டாவது கோவிட் அலையில் எடுத்தது, அப்போது நுரையீரலில் எத்தனை சதவீதம் என்பதை மட்டும்தான் பார்த்தோம். இன்றைக்கு ரிப்போர்ட்டின் கடைசி வரியைப் படிக்கிறேன், "இரண்டு பக்க ஹைலர் பகுதியிலும் கிளாண்டுகள், பெரியது 12 மி.மீ." என்று இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு மேலாக அது அங்கேயே இருந்திருக்கிறது.

மார்புநோய் மருத்துவன் · அக்டோபர் 6

கோவிடிலும் கிளாண்டு லேசாக வீங்கும், அதனால் முழுக்க நம்பிவிட மாட்டேன். ஆனாலும் இரண்டு பக்கமும் அளவாக, மூன்று வருஷம் ஜுரமோ எடை இழப்போ இல்லாமல், மருந்தும் இல்லாமல் மெதுவாக வளர்ந்த கிளாண்டு டிபியாக இருப்பது கஷ்டம், லிம்ஃபோமா என்ற புற்றுநோயாக இருப்பதும் கஷ்டம். முதல் நாளே இது கையில் இருந்திருந்தால் இரண்டாவது ஊசி வேண்டாம் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. அந்த டிஸ்க்கைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த முறை போகும்போது எடுத்துச் செல்லுங்கள். மாமாவுக்கு என் வணக்கமும்.

கல்யாண் கீதா · அக்டோபர் 7

நானும் என் 2021 ரிப்போர்ட்டைத் தேடப் போறேன். டிஸ்க் இருக்கு, இப்ப அதைப் போட டிரைவ் உள்ள கம்ப்யூட்டர் யார் வீட்ல இருக்கு?